பவுண்டு சரிந்தது, ஏற்றுமதி நிறுவனம் நஷ்டம் காட்டியது, பங்கு ஏறியது

நாணயம் சரிந்தால் ஏற்றுமதி நிறுவனங்களின் பங்கு ஏறும், இறக்குமதியை நம்பியிருக்கும் நிறுவனங்களின் பங்கு இறங்கும். சந்தையில் கொஞ்ச நாள் புழங்கியவர்கள் எல்லோருக்கும் இது வாய்ப்பாடு போலத் தெரியும். என் நண்பர் ஒருவர் இதை வைத்துத்தான் பங்கு வாங்குவார், விற்பார். செய்தியில் நாணய மதிப்பு விழுந்தது என்று வந்ததும் அவரிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வரும்: "ஏற்றுமதிப் பங்கு எது கையில இருக்கு?" அவர் சொல்வதில் தவறு எதுவும் இல்லை, திசை சரிதான். ஆனால் எவ்வளவு, எப்போது என்று கேட்டால் அந்த வாய்ப்பாடு வாயைத் திறக்காது. எனக்கு அந்த இடம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தலுக்கு ஒரு உருவம் கொடுத்தது 2016-இல் பிரிட்டனில் நடந்த கதை, குறிப்பாக ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கணக்கு. கார் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ் வேறு, அது பிஎம்டபிள்யூவிடம் இருக்கிறது. நான் சொல்வது விமான எஞ்சின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ்.

2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்தது. அன்று இரவு ஒரு பவுண்டுக்கு 1.50 டாலர் கிடைத்தது. முடிவு வெளியாகிக்கொண்டிருந்த சில மணி நேரத்திலேயே அது 1.32 அளவுக்கு விழுந்தது. 1985-க்குப் பிறகு அவ்வளவு கீழே பவுண்டு போனதில்லை. மறுநாள் லண்டன் சந்தையில் பெருநிறுவனங்களின் குறியீடான எஃப்டிஎஸ்இ 100 மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்கியது. அதற்கு அடுத்த நிலை நிறுவனங்களைக் கொண்ட எஃப்டிஎஸ்இ 250 ஏழு சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் முதல் குறியீடு வாக்கெடுப்புக்கு முந்தைய இடத்துக்கே திரும்பிவிட்டது. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதனால்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அதில் ஒரு பகுதி வெறும் அளவுகோல் மாற்றம். டாலரில் தாமிரம் விற்கும் ஒரு சுரங்க நிறுவனத்தின் மதிப்பு டாலரில் அப்படியே இருந்தாலும், அதைப் பவுண்டில் எழுதினால் எண் பெரிதாகத் தெரியும். அதே குறியீட்டை டாலரில் கணக்கிட்டால் அந்த மீட்சி முழுதாக நடந்திருக்கவில்லை. நிறுவனம் உண்மையிலேயே முன்பைவிட அதிகம் சம்பாதிக்கப்போகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குக் குறியீட்டை விட்டுவிட்டு ஒற்றை நிறுவனத்துக்குள் போக வேண்டும்.

வாய்ப்பாட்டின்படி பார்த்தால் ரோல்ஸ் ராய்ஸைப் போலப் பொருத்தமான நிறுவனம் கிடைக்காது. தொழிற்சாலைகளிலும் பொறியாளர்களிலும் பெரும்பகுதி பிரிட்டனில், செலவு பவுண்டில். வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கும் விமான நிறுவனங்கள், அவர்கள் தருவது டாலர். பெரிய எஞ்சினை விற்பதில் பெரிய லாபம் கிடையாது, சில சமயம் நஷ்டத்துக்கும் விற்பார்கள். சம்பாத்தியம் அதற்குப் பிறகு வரும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விமான நிறுவனம் இவ்வளவு டாலர் என்று கட்டும், பல ஆண்டுகளுக்கு. ஆக, இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு டாலர் வந்துகொண்டே இருக்கும், சம்பளம் பவுண்டில் போய்க்கொண்டே இருக்கும். பவுண்டு சரிந்தால் கொண்டாட வேண்டிய நிறுவனம் இது.

2016-க்கான ஆண்டுக் கணக்கில் இந்த நிறுவனம் வரிக்கு முன் சுமார் 460 கோடி பவுண்டு நஷ்டம் காட்டியது. அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய நஷ்டம். லஞ்ச வழக்குகளைத் தீர்க்கக் கட்டுவதாக ஒப்புக்கொண்ட 67 கோடி பவுண்டும் அதில் உண்டு. ஆனால் பெரும் பள்ளத்தைத் தோண்டியது வேறொரு வரி: நாணய ஒப்பந்தங்களின் மறுமதிப்பீட்டில் சுமார் 440 கோடி பவுண்டு. பவுண்டு சரிந்ததால் வந்த நஷ்டம் அது. இதைவிட விசித்திரம், அந்த ஆண்டின் அரையாண்டுக் கணக்கு ஜூலை 28-ஆம் தேதி வெளியானபோது நடந்தது. அதிலும் இதே காரணத்தால் 200 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம். அன்றைக்குப் பங்கு பத்து சதவீதத்துக்கும் மேல் ஏறியது.

நான் கொஞ்ச நேரம் அந்தத் தேதியிலேயே நின்றுவிட்டேன். ஏற்றுமதியாளருக்கு நல்லது என்று சொல்லப்பட்ட சரிவு நஷ்டம் தருகிறது, நஷ்டம் காட்டிய நாளில் பங்கு பறக்கிறது. யாரோ எங்கோ கணக்கைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி யாரும் படிக்கவில்லை. மூன்றும் ஒரே கணக்கின் மூன்று முகங்கள்.

ஒரு எஞ்சின், ஆறு ஆண்டுகள்

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். நம் கற்பனை நிறுவனம் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு எஞ்சின் விற்கிறது. செலவு 60 லட்சம் பவுண்டு. பவுண்டு 1.50 டாலராக இருக்கும்போது வருமானம் 66.67 லட்சம் பவுண்டு, லாபம் 6.67 லட்சம். பவுண்டு 1.25-க்கு வந்துவிட்டால் அதே கோடி டாலர் 80 லட்சம் பவுண்டு ஆகிறது, லாபம் 20 லட்சம். நாணயம் விழுந்தது ஆறில் ஒரு பங்கு, லாபம் ஆனது மூன்று மடங்கு. நண்பரின் வாய்ப்பாடு பிறக்கும் இடம் இதுதான். லாப விகிதம் எவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் துள்ளல் பெரிதாக இருக்கும். இருபது சதவீத லாபத்தில் ஓடும் நிறுவனத்தைவிட ஐந்து சதவீதத்தில் ஓடும் நிறுவனத்துக்கு நாணயம் அதிகம் தித்திக்கும், எதிர்த்திசையில் போனால் அதிகம் கசக்கும்.

ஆனால் இப்படி ஆடும் லாபத்தை வைத்துக்கொண்டு எந்த நிதி மேலாளரும் தூங்க மாட்டார். வரப்போகும் டாலரை இன்றைக்கே ஒரு விலைக்கு வங்கியிடம் விற்று வைப்பார். இதுதான் ஃபார்வர்ட் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு வரும் டாலரில் 90 சதவீதம், அதற்கடுத்த ஆண்டில் 70, பிறகு 50, 30, 10 என்று படிக்கட்டு மாதிரி இறங்கும். நம் நிறுவனம் இந்த ஒப்பந்தங்களை எல்லாம் 1.50 விலையில் போட்டிருந்தது என்று வையுங்கள். சேர்த்தால் 2.5 கோடி டாலர்.

இப்போது ஆண்டின் கடைசி நாளில் பவுண்டு 1.25-க்கு விழுகிறது. ஒவ்வொரு டாலரையும் சந்தையில் 80 பென்ஸுக்கு விற்கலாம், நாமோ 66.67 பென்ஸுக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். டாலருக்கு 13.33 பென்ஸ் வீதம் 2.5 கோடி டாலருக்குக் குறைவு 33.33 லட்சம் பவுண்டு. ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகத் தெரியவேண்டிய இந்தத் தொகை முழுவதையும் இன்றைக்கே கணக்கில் எழுத வேண்டும் என்றால், 6.67 லட்சம் லாபம் சம்பாதித்த ஆண்டு 26.66 லட்சம் நஷ்டத்தில் முடிகிறது. அந்த ஒப்பந்தங்கள் எந்த டாலரைப் பாதுகாக்கப் போடப்பட்டனவோ, அந்த டாலர் இன்னும் வரவில்லை. அதன் மதிப்பு பவுண்டில் கூடியிருக்கிறது என்றாலும் வராத வருமானத்தைக் கணக்கில் எழுத முடியாது. தராசின் ஒரு தட்டை மட்டும் நிறுத்து எழுதிய கணக்கு அது.

எல்லா நிறுவனமும் இப்படி எழுதுவதில்லை. ஹெட்ஜ் கணக்கியல் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், இந்த ஏற்ற இறக்கத்தை லாப நஷ்டக் கணக்குக்குள் விடாமல் மூலதனப் பகுதியில் தனியாக வைத்திருந்து, டாலர் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். ரோல்ஸ் ராய்ஸ் எதிர்காலப் பரிவர்த்தனைகளுக்கு அந்த முறையைப் பயன்படுத்தவில்லை. அதன் ஒப்பந்தக் குவியலோ சுமார் 3,800 கோடி டாலர். அதனால்தான் அந்த 440 கோடி நேராக முதல் பக்கத்துக்கு வந்து நின்றது.

சரி, பங்கு வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? நம் கற்பனை நிறுவனத்தின் அடுத்த ஆண்டுகளை எழுதிப் பார்த்தால் தெரியும். பவுண்டு 1.25-லேயே நின்றால், பழைய ஒப்பந்தங்களின்படி முதல் ஆண்டில் 10 சதவீத டாலருக்கு மட்டுமே புதிய விலை. லாபம் 8 லட்சம். அடுத்த ஆண்டு 10.67 லட்சம், பிறகு 13.33, 16, 18.67. ஆறாவது ஆண்டில்தான் முழு 20 லட்சம். நாணயம் ஒரே இரவில் விழுந்தது, அதன் பலன் நிறுவனத்தின் பைக்கு வந்துசேர ஆறு ஆண்டுகள். பங்குச் சந்தை அந்த ஆறு ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் எட்டிப் பார்த்து இன்றைக்கே ஒரு விலை போடுகிறது. ஜூலை 28 அன்று பங்கு ஏறியதற்கு நாணயத்தைவிட நேரடியான காரணம், மறுமதிப்பீட்டை நீக்கிவிட்டுப் பார்த்த அடிப்படை லாபம் சந்தை பயந்த அளவுக்கு மோசமாக இல்லை என்பது. அந்த நஷ்ட எண்ணைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களே அன்று விலையைத் தீர்மானித்தார்கள்.

அப்படியானால் லாபம் மூன்று மடங்காகும் நிறுவனத்தின் பங்கு ஏன் மூன்று மடங்கு ஆவதில்லை? 1.25 அங்கேயே நிற்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. உதிரி பாகங்களில் ஒரு பகுதி டாலரில் வாங்கப்படுவதால் செலவும் ஏறும். வாழ்க்கைச் செலவு ஏறினால் சம்பளம் கேட்பார்கள். எஞ்சின் வாங்குபவருக்கும் பத்திரிகை படிக்கத் தெரியும், பவுண்டு விழுந்தது உங்களுக்கு லாபம்தானே, கொஞ்சம் குறையுங்கள் என்பார். சந்தை இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்துக்கு விலை தருகிறது.

எதிர்ப்பக்கம்

இறக்குமதியை நம்பியிருக்கும் பக்கத்துக்கு அதே வாரத்து ஈஸிஜெட் நல்ல உதாரணம். டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு பவுண்டிலும் யூரோவிலும் வருகிறது. எரிபொருளுக்கும், குத்தகை விமானங்களுக்கும் டாலர் தர வேண்டும். வாக்கெடுப்பு முடிவு வந்த வெள்ளிக்கிழமை பங்கு கடுமையாக விழுந்தது. திங்கட்கிழமை, ஜூன் 27 அன்று, லாபம் குறையும் என்று நிறுவனமே எச்சரித்தபோது மேலும் சுமார் 22 சதவீதம் போனது. நண்பர் அன்றைக்கு எனக்கு அனுப்பியது ஒரே வரி: "பார்த்தியா, இறக்குமதி!"

பார்த்தேன். ஆனால் எண்களைப் போட்டால் கதை அவ்வளவு நேராக இல்லை. ஒரு விமான நிறுவனத்துக்கு வருமானம் 100 கோடி பவுண்டு, டாலர் செலவு 45 கோடி டாலர், மற்ற செலவு 62 கோடி பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 1.50-இல் டாலர் செலவு 30 கோடி பவுண்டு, லாபம் 8 கோடி. 1.25-இல் டாலர் செலவு 36 கோடி, லாபம் 2 கோடி. பயங்கரம்தான். ஆனால் இவர்களும் முன்கூட்டியே டாலர் வாங்கி வைப்பார்கள். அடுத்த ஆண்டின் தேவையில் 80 சதவீதம் பழைய விலையில் பூட்டியிருந்தால் அந்த ஆண்டின் லாபம் 6.8 கோடி. அதற்கடுத்த ஆண்டுக்குப் பாதி பூட்டியிருந்தால் 5 கோடி. மூன்றாவது ஆண்டில்தான் 2 கோடி. அதற்குள் டிக்கெட் விலையை ஏற்ற முடிந்தால் அதுவும் தள்ளிப்போகும். போட்டியாளர்கள் எல்லோரும் அதே பவுண்டில் சம்பாதித்து அதே டாலரில் செலவு செய்தால் விலையேற்றம் தானாக நடக்கும். யூரோவில் கணிசமாகச் சம்பாதிக்கும் போட்டியாளர் பக்கத்திலேயே இருந்தால், அவர் ஏற்றாமல் இருந்தே இவர்களைத் தவிக்கவிடலாம்.

இவ்வளவு மெத்தை இருந்தும் ஒரு திங்கட்கிழமையில் 22 சதவீதம் ஏன்? எச்சரிக்கையைப் படித்தால், வாக்கெடுப்புக்குப் பிறகு பயணிகள் தயங்குவார்கள், இருக்கைக்கான வருமானம் குறையும் என்பதுதான் அதில் பெரிய விஷயம். நாணயம் அதில் ஒரு பகுதி. அதாவது பவுண்டை விழவைத்த அதே பயம் டிக்கெட் வாங்குபவரையும் பிடித்துக்கொண்டது. பவுண்டும் பங்கும் சேர்ந்து விழுந்தன என்பதற்காக ஒன்று மற்றொன்றைத் தள்ளியது என்று ஆகாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, நாணயத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு துறையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பிரிட்டனின் வீடு கட்டும் நிறுவனங்கள் ஏற்றுமதி செய்வதில்லை. நிலம் உள்ளூர், செங்கல் பெரும்பாலும் உள்ளூர், வாங்குபவரும் உள்ளூர். டாலர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஆனால் ஜூன் 24 அன்று பெரிய வீட்டு நிறுவனங்களின் பங்குகள் இருபது சதவீதத்துக்கு மேல் சரிந்தன. அந்த இருபது சதவீதத்தில் நாணயத்தின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம், முழுக்க முழுக்க உள்நாட்டுப் பயம். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு ஈஸிஜெட்டைப் பார்த்தால், இறக்குமதிச் செலவு என்று தனியாகச் சொல்ல மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது.

நேர்மாறான சம்பவமும் ஒன்று உண்டு. 2015 ஜனவரி 15 காலையில் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க்குக்குக் கீழே விடமாட்டோம் என்று 2011 செப்டம்பரிலிருந்து காத்துவந்த எல்லையைத் திடீரென்று கைவிட்டது. ஃபிராங்க் எகிறியது. அன்றைக்குச் சுவிஸ் பொருளாதாரம் பற்றி வேறு எந்தக் கெட்ட செய்தியும் வரவில்லை, பெரிதாக மாறியது நாணய விலைதான். கைக்கடிகாரங்களைச் சுவிஸ் மண்ணில் செய்து உலகம் முழுக்க விற்கும் ஸ்வாட்ச், ரிச்மாண்ட் பங்குகள் அன்று ஒவ்வொன்றும் சுமார் 15 சதவீதம் விழுந்தன. சந்தைக் குறியீடு விழுந்தது சுமார் 9 சதவீதம். நெஸ்லேயும் வருமானத்தில் பெரும்பகுதியை வெளியில்தான் சம்பாதிக்கிறது, ஆனால் விற்கும் நாடுகளிலேயே பெரும்பாலும் தயாரிக்கவும் செய்கிறது. வருமானமும் செலவும் ஒரே நாணயத்தில் இருப்பதால் லாப விகிதம் கெடாது, கடைசியில் ஃபிராங்க்கில் எழுதும்போது எண் சிறுக்கும், அவ்வளவுதான். கடிகாரக்காரர்களுக்கு லாப விகிதமே நசுங்கும். "வெளிநாட்டு வருமானம் இத்தனை சதவீதம்" என்ற ஒற்றை எண்ணை வைத்து ஏற்றுமதி நிறுவனம் என்று முத்திரை குத்துவது எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான். செலவு எந்த நாணயத்தில் என்று அந்த எண் சொல்வதில்லை.

ஆண்டறிக்கையில் தலைகீழாக நிற்கும் அட்டவணை

சரி, ஒரு நிறுவனம் நாணயத்துக்கு எவ்வளவு ஆடும் என்று அறிய எங்கே பார்ப்பது? பலரும் நேராக ஆண்டறிக்கையின் பின்பகுதிக்குப் போய், "நாணயம் 10 சதவீதம் சரிந்தால் லாபத்தில் ஏற்படும் மாற்றம்" என்ற சிறிய அட்டவணையைத் தேடுவார்கள். பன்னாட்டுக் கணக்கியல் விதிகளின்படி அதை வெளியிட்டே ஆக வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த விதி கேட்பது நிதிக் கருவிகளின் ஆட்டத்தை மட்டும், அதாவது கடன், வரவேண்டிய பாக்கி, ஃபார்வர்ட் ஒப்பந்தம் போன்றவை. அடுத்த ஆண்டு விற்கப்போகும் எஞ்சின் அதில் வராது.

நம் கற்பனை நிறுவனத்துக்கு அந்த அட்டவணையைப் போட்டால், பவுண்டு சரிந்தால் நஷ்டம் என்றே காட்டும். 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் அதற்குத் தெரியும், ஆண்டுதோறும் வரப்போகும் கோடி டாலர் தெரியாது. பவுண்டு சரிவால் நெடுங்காலத்தில் பயனடையும் நிறுவனத்துக்கு அந்த அட்டவணை கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டிருக்கும். நான் அந்தப் பக்கத்துக்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தேடுகிறேன்: டாலரில் வருவது கழித்தல் டாலரில் போவது, அதில் எத்தனை சதவீதம் எத்தனை ஆண்டுக்குப் பூட்டப்பட்டிருக்கிறது, சராசரியாக எந்த விலையில். மூன்றாவதைச் சில நிறுவனங்கள் மட்டுமே தெளிவாகச் சொல்கின்றன. சொல்கிறவர்களுடைய பங்கில் நாணயத்தின் பலன் எந்த ஆண்டில் கைக்கு வரும் என்று ஓரளவு கணக்குப் போட முடிகிறது.

பங்கு விலையையும் நாணய விலையையும் மாதாமாதம் பக்கத்தில் வைத்துத் தொடர்பு தேடுபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களை வைத்து ஃபிலிப் ஜோரியன் 1990-இல் செய்த ஆய்வில், டாலரின் ஏற்ற இறக்கத்தோடு தெளிவான தொடர்பு காட்டிய பங்குகள் வெகு சிலவே. நாணயம் முக்கியமில்லை என்று அதற்குப் பொருளில்லை. வெளியே வருவதற்குள் ஒப்பந்தங்களும் விலை மாற்றங்களும் தொழிற்சாலை இருப்பிடமும் அதைத் தேய்த்துவிடுகின்றன. போதாததற்கு எஃப்டிஎஸ்இ 100 போன்ற குறியீட்டுக்குள்ளேயே நாணயம் கலந்திருக்கிறது. சந்தையின் பாதிப்பை நீக்கிவிட்டுப் பார்க்கிறேன் என்று குறியீட்டைக் கழித்தால் நாணயத்தின் பாதிப்பில் ஒரு பகுதியும் சேர்ந்தே போய்விடும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "எல்லாத்தையும் பூட்டி வச்சுட்டா ஆபத்தே இல்லையே?" டாலர் வரும் வரைக்கும் ஆபத்தில்லை. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றன. ரோல்ஸ் ராய்ஸின் பெரிய எஞ்சின்கள் பறந்த நேரம் முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே போனது. மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வரவேண்டிய டாலர் வரவில்லை. வங்கிகளுக்கு டாலர் தருவதாகப் போட்ட ஒப்பந்தங்கள் மட்டும் அப்படியே இருந்தன. இப்போது அவை எதையும் பாதுகாக்கவில்லை, பவுண்டு எந்தப் பக்கம் போகும் என்று கட்டிய பந்தயமாக மாறிவிட்டிருந்தன. பல நூறு கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களை எதிர் ஒப்பந்தம் போட்டு அடைக்க வேண்டியிருந்தது. அதற்கான செலவு சுமார் 170 கோடி பவுண்டு. அதைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கட்டுவதாக ஏற்பாடு. 2016-இல் காகிதத்தில் மட்டும் இருந்த நஷ்டத்தில் ஒரு துண்டு இந்த முறை ரொக்கமாகவே வெளியே போனது.